மாம்பழக் கதை கந்தபுராணத்தில் எந்தப் படலம்?

சின்னக்கிளி | ஆகஸ்ட் 17, இரவு 9.40

மகள் தரம் 4. பேச்சுப் போட்டிக்கு 'குழந்தை முருகனின் குழப்படிகள்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மாம்பழக் கதையைத்தான் சொல்லப் போகிறாள். கந்தபுராணத்தில் அது எந்தப் படலம் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லி டீச்சர் கேட்டிருக்கிறா. அம்மாவைக் கேட்டேன், "உற்பத்திக் காண்டத்திலைதான் இருக்கும்" என்றா. புத்தகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை போட்டி.

கிணற்றடி | ஆகஸ்ட் 17, இரவு 10.15

தேட வேண்டாம் தங்கச்சி. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் அந்தக் கதை இல்லை. உற்பத்திக் காண்டத்தில் மட்டுமில்லை, ஆறு காண்டத்திலும் இல்லை.

இதை நான் சுலபமாகச் சொல்லிவிடவில்லை. முப்பது வயது வரைக்கும் இருக்கிறது என்றே நம்பியிருந்தேன். என் அம்மப்பா கோயிலில் புராணத்துக்குப் பயன் சொன்னவர். அவர் மடியில் இருந்து கேட்ட கதை எல்லாம் கந்தபுராணம்தான் என்று என் மனதில் பதிந்துவிட்டது. அவர் போன பிறகு அவருடைய புத்தகத்தை எடுத்து உற்பத்திக் காண்டத்தைப் படலம் படலமாகப் பார்த்தேன். சரவணப் படலம், திருவிளையாட்டுப் படலம், தகரேறு படலம், அயனைச் சிறைபுரி படலம். குழந்தைப் பருவம் இதற்குள் முடிந்துவிடுகிறது. பிறகு படை எழுகிறது. மாம்பழம் எங்கேயும் வரவில்லை.

தெற்குவீதி | ஆகஸ்ட் 17, இரவு 10.52

அது எப்படி இல்லாமல் போகும்? நல்லூரில் மாம்பழத் திருவிழா என்று ஒரு நாளே இருக்கிறது. தேருக்கு இரண்டு நாள் முதல். இல்லாத கதைக்குத் திருவிழா செய்வார்களா? சிவபுராணத்திலும் இருக்கிறது. நான் தமிழில் வாசித்திருக்கிறேன். உலகத்தைச் சுற்றுகிற போட்டி, பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றி வெல்லுகிறது, முருகன் கோபித்துக்கொண்டு மலைக்குப் போகிறது எல்லாம் அதில் உண்டு.

வளவுக்காரன் | ஆகஸ்ட் 17, இரவு 11.30

எங்கள் வளவில் நிற்கிற கறுத்தக்கொழும்பான் இந்த முறை நன்றாகக் காய்த்தது. ஆனால் பாதிப் பழத்துக்குள் புழு. அணிலும் வௌவாலும் தின்றது போக மிச்சம்தான் எங்களுக்கு. யாராவது மருந்து சொல்லுங்கள்.

கிணற்றடி | ஆகஸ்ட் 18, காலை 6.20

வளவுக்காரன், பழம் முற்றுகிற நேரத்தில் கடதாசிப் பையால் கட்டிவிடுங்கள். பழ ஈ முட்டை இடாது. புழு பிடித்து விழுந்த பழத்தை மரத்தடியிலேயே விடாமல் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறையும் அதுதான். ஆனால் இங்கே கேட்டது வேறு மாம்பழம்.

தெற்குவீதி அண்ணை சொன்னதில் பாதி சரி. சிவபுராணத்தில் போட்டி இருக்கிறது. பரிசு பழம் இல்லை, கல்யாணம். யார் முதலில் பூமியைச் சுற்றி வருகிறாரோ அவருக்கு முதலில் கல்யாணம். பிள்ளையார் தாய் தகப்பனைச் சுற்றிவிட்டு சித்தி, புத்தி இரண்டு பேரையும் கட்டிக்கொள்கிறார். முருகன் சுற்றி முடித்து வருகிற வழியில் நாரதர் விஷயத்தைச் சொல்ல, கோபித்துக்கொண்டு கிரவுஞ்ச மலைக்குப் போய்விடுகிறார். கோபம் அதே கோபம். பழமும் இல்லை, பழனியும் இல்லை. நாங்கள் கேட்டு வளர்ந்த பழக் கதை பழனியோடு ஒட்டினது. 'பழம் நீ' என்று தாய் தகப்பன் சமாதானம் சொன்னதால் பழனி என்று ஊருக்குப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பழனம் என்றால் வயல், வயல் சூழ்ந்த ஊர் என்பதால் வந்த பெயர் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

திருவிழா பற்றி: கதை புராணத்தில் இல்லை என்றுதான் சொன்னேன், கதையே இல்லை என்று சொல்லவில்லை. கோயிலுக்குப் புத்தகம் மட்டும் ஆதாரம் இல்லையே. அம்மம்மாக்களின் வாயும் ஆதாரம்தான்.

சின்னக்கிளி | ஆகஸ்ட் 18, காலை 7.05

அப்போ நான் என்ன எழுதிக் கொடுக்கிறது? 'படலம் இல்லை' என்று எழுதினால் புள்ளி வெட்டுவினம். கந்தபுராணத்தில் வேறு குழப்படி இல்லையா?

கிணற்றடி | ஆகஸ்ட் 18, காலை 7.30

வேண்டிய அளவு இருக்கிறது. மாம்பழத்தை விடவும் பெரிய குழப்படிகள். வேலைக்குப் போகிறேன், இரவு எழுதுகிறேன்.

கிணற்றடி | ஆகஸ்ட் 18, இரவு 8.45

திருவிளையாட்டுப் படலத்தை எடுங்கள். கயிலாயத்தில் இருக்கிற சின்னப் பிள்ளை வெளியே விளையாட வருகிறது. எங்கள் பிள்ளைகள் மண்ணில் விளையாடுவது போல அது மலைகளை எடுத்து விளையாடுகிறது. எங்கெங்கோ இருக்கிற மலைகளைக் கொண்டுவந்து ஓரிடத்தில் அடுக்குகிறது. மேருவைத் தலைகீழாக நிறுத்துகிறது. கடல்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறது. திக்கு யானைகளைப் பிடித்து ஒன்றோடொன்று முட்டவிடுகிறது. கீழே உயிர்கள் கிடந்து நடுங்குகின்றன.

இந்திரன் தேவர்களோடு வந்து பார்க்கிறான். இது யார் பிள்ளை என்று தெரியவில்லை. சண்டைக்குப் போகிறான். வச்சிராயுதத்தை எறிகிறான், அது பிள்ளை மேல் பட்டுப் பொடியாகப் போகிறது. தேவர்கள் எல்லாரும் விழுகிறார்கள். கடைசியில் குருவான வியாழ பகவான் வந்து மன்றாட, பிள்ளை அவர்களை எழுப்பிவிட்டுத் தன் பெரிய உருவத்தைக் காட்டுகிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம், வியாழன் வருகிற வரைக்கும் ஒருவரும் 'நீ யார்?' என்று பிள்ளையிடம் கேட்கவில்லை என்பது. பெரியவர்கள் சண்டைதான் பிடித்தார்கள். குழந்தை வேலை செய்யவில்லை, விளையாடியது. அது அவர்களுக்கு விளங்கவில்லை.

அடுத்தது தகரேறு படலம். நாரதரின் வேள்வித் தீயில் இருந்து ஒரு ஆட்டுக்கடா கிளம்பி உலகத்தைக் கலக்குகிறது. வீரவாகு பிடித்துக்கொண்டு வர, பிள்ளை அதில் ஏறிச் சவாரி செய்கிறது. இது சின்னக் கதை, சொல்லவும் சுகம். கோயிலில் கடா வாகனம் பார்த்த பிள்ளைக்கு உடனே பிடிபடும். தரம் 4 பிள்ளைக்கு இதுவே போதும்.

மணற்காட்டுக் காற்று | ஆகஸ்ட் 18, இரவு 10.10

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வடமராட்சி. வல்லிபுர ஆழ்வார் கோயில் திருவிழாவில் வெண்ணெய்த் திருவிழாவும் பாம்புத் திருவிழாவும் பார்த்து வளர்ந்தவள். குழப்படி என்றால் எங்களுக்குக் கண்ணன்தான். நீங்கள் சொல்லுகிற முருகன் குழப்படி எல்லாம் பயம் வருகிற மாதிரி இருக்கிறது. மலையைப் புரட்டுகிற பிள்ளையை யார் தூக்கிக் கொஞ்சுவது? வெண்ணெய் களவெடுக்கிற பிள்ளையைத்தான் கொஞ்சலாம். என் மகனுக்கு மூன்று வயது. நேற்று மாவாளியைத் திறந்து மா முழுக்கத் தலையில் கொட்டிக்கொண்டு நின்றான். அடிக்கக் கை ஓங்கினேன், முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. அசோதைக்கும் அப்படித்தானே.

கிணற்றடி | ஆகஸ்ட் 19, காலை 5.50

அக்கா சொன்னது இரவு முழுக்க மனதில் நின்றது.

கண்ணனை உரலில் கட்டின கதையை எடுத்துப் பார்ப்போம். பாகவதத்தில் அசோதை கயிறு கொண்டுவந்து கட்டப் பார்க்கிறாள். இரண்டு விரல் அளவு குறைகிறது. இன்னொரு கயிற்றை முடிகிறாள். அப்பவும் இரண்டு விரல் குறைகிறது. வீட்டில் இருக்கிற கயிறெல்லாம் முடிந்தாலும் அதே இரண்டு விரல். தாய் வியர்த்துக் களைத்துப் போனதைப் பார்த்துப் பிள்ளை தானாகக் கட்டுப்படுகிறது. மதுரகவியாழ்வார் 'கண்ணி நுண் சிறுத்தாம்பினால்' என்று தொடங்குவது இந்தக் கயிற்றைத்தான். கண்ணி என்றால் முடிச்சு. முடிச்சு முடிச்சாக இருக்கிற, நுண்ணிய, குட்டைக் கயிறு. எத்தனை தரம் முடிந்திருக்கிறாள் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிகிறது.

அங்கே தாய் பக்கத்தில் நிற்கிறாள். கயிறு இருக்கிறது, உரல் இருக்கிறது, கோபம் இருக்கிறது. அதனால் கதை வீட்டுக்குள் நடக்கிறது. திருவிளையாட்டுப் படலத்தில் உமையம்மை இல்லை. அந்தக் குழப்படிக்கு வீடே இல்லை, அண்டம்தான் முற்றம். அக்கா 'யார் தூக்கிக் கொஞ்சுவது' என்று கேட்டது சரியான கேள்வி.

ஆனாலும் கந்தபுராணத்தில் ஒரு குழப்படி இருக்கிறது, அது மலை புரட்டினது மாதிரி இல்லை. அதை நேரில் ஒரு கோயில் மண்டபத்தில் அனுபவித்திருக்கிறேன். பிரமனுக்குக் குட்டினது.

கிணற்றடி | ஆகஸ்ட் 19, இரவு 9.00

முதலில் கதை. பிரமன் கயிலாயத்துக்கு வந்து சிவனைக் கும்பிட்டுவிட்டுப் போகிறான். வாயிலில் பிள்ளை வீரவாகு முதலான கூட்டாளிகளோடு இருக்கிறது. பிரமனைக் கூப்பிட்டு, "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்கிறது. படைக்கிறேன் என்கிறான். "அப்போ வேதம் தெரியுமா, ஒன்று சொல்லு பார்ப்போம்." இருக்கு வேதத்தை ஓம் என்று தொடங்குகிறான். "நில். முதல் சொன்னாயே ஒரு சொல், அதற்குப் பொருள் சொல்லு." பிரமன் திகைத்து நிற்கிறான். பிறகு வருகிற பாட்டு இது:

எட்டொணாதவக் குடிலையிற் பயன் இனைத்தென்றே
கட்டுரைத்திலன் மயங்கலும் இதன்பொருள் கருதாய்
சிட்டி செய்வதித் தன்மைய தோஎனாச் செவ்வேள்
குட்டினான்அயன் நான்குமா முடிகளுங் குலுங்க

குடிலை என்றால் பிரணவம். பொருள் தெரியாமலா படைக்கிறாய் என்று நான்கு தலையும் குலுங்கக் குட்டுகிறது.

இனி மண்டபம். எங்கள் ஊர்க் கோயிலில் புராண படனம் நடக்கும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார், பக்கத்தில் இன்னொருவர் பயன் சொல்லுவார். வாசிக்கிறவர் பாட்டை முழுசாக ஒரே மூச்சில் படிப்பதில்லை. பொருள் முடிகிற இடத்தில் வெட்டி நிறுத்துவார். பயன் சொல்லுகிறவர் அந்தத் துண்டுக்குச் சொல்லுவார். பிறகு அடுத்த துண்டு. இந்தப் பாட்டைப் படிப்பவர் 'எனாச் செவ்வேள்' என்பதில் நிறுத்திவிட்டு என் அம்மப்பாவைப் பார்ப்பார். அம்மப்பா அந்த இடத்தில் மட்டும் பயன் சொல்ல மாட்டார், கையால் 'நீயே சொல்லு' என்று காட்டுவார். அப்புறம் 'குட்டினான்' என்ற சொல்லை வாசிப்பவர் தனியாகப் போடுவார். குட்டின சத்தம் மாதிரியே விழும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் எல்லாரும் சிரிப்போம். பெரியவர்களும் சிரிப்பார்கள். கோயிலில் சத்தம் போட்டுச் சிரிக்க எங்களுக்கு அனுமதி கிடைத்த ஒரே இடம் அது.

எங்களுக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். எங்கள் காலத்தில் பாடம் பிழைத்தால் வாத்தியார் விரல் மொழியால் மண்டையில் குட்டுவார். வலி என்றால் அப்படி ஒரு வலி. வருசம் முழுக்கக் குட்டு வாங்குகிற பிள்ளை, ஒரு பிள்ளை எல்லாம் படித்த பெரியவருக்கே குட்டுவதைக் கேட்கிறது. பிறகு சிவன் மாணவனாகக் கீழே இருக்க, பிள்ளை குருவாக மேலே இருந்து பொருள் சொல்லுகிறது. உலகமே தலைகீழாகிவிடுகிறது. மேருவைக் கவிழ்த்தது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. இது பெரிதாகப் பட்டது.

பழைய வாசிப்பு | ஆகஸ்ட் 20, மாலை 4.30

வாசித்தேன். நான் நாற்பது வருடத்துக்கு மேல் கோயில்களில் புராணம் வாசிக்கிறேன். இரண்டு திருத்தம்.

சிவபெருமான் கீழே இருந்து பிள்ளை மேலே இருந்தது கச்சியப்பர் பாட்டில் இல்லை. அது சுவாமிமலைக் கதை. அயனைச் சிறைநீக்கு படலத்தில் நடப்பது வேறு. பிரமனை உதைத்துக் கந்தவெற்பில் சிறை வைத்த பிறகு முருகனே படைக்கத் தொடங்குகிறார். சிவபெருமான் முதலில் நந்தியை அனுப்புகிறார். பிள்ளை, விட மாட்டேன், நீ இங்கே நின்றால் உன்னையும் சிறையில் போடுவேன் என்று அனுப்பிவிடுகிறது. பிறகு தகப்பனே நேரில் வந்து கேட்கத்தான் பிரமன் வெளியே வருகிறான். அதற்குப் பிறகு, உனக்கு அந்தப் பொருள் தெரியுமா என்று தகப்பன் கேட்கிறார். நீங்கள் அம்மைக்கு மறைவாகச் சொன்னதைப் பலரும் கேட்கச் சொல்லலாமா என்கிறது பிள்ளை. சிவபெருமான் சிரித்து, 'தன் திருச்செவியை நல்க', பிள்ளை சொல்லுகிறது. காதைக் கொடுக்கிறார். அவ்வளவுதான் பாட்டு.

இரண்டாவது, 'குழப்படி' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அது திருவிளையாட்டு. ஆணவத்தை அடக்குவது. போட்டிக்குத் தலைப்பு வைத்தவர்களைத்தான் சொல்லுகிறேன், உங்களை இல்லை.

கிணற்றடி | ஆகஸ்ட் 20, இரவு 8.10

ஐயா, முதல் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். படலத்தை இப்போது எடுத்துப் பார்த்துவிட்டேன், நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. மேலே 'கீழே இருக்க, மேலே இருந்து' என்று எழுதினது பிழை. மாம்பழத்தைப் புராணத்துக்குள் போட்டது போல இதையும் போட்டுவிட்டேன். சின்னக்கிளி, மகள் இதைச் சொல்லுவதாக இருந்தால் ஐயா சொன்ன மாதிரியே சொல்லட்டும்.

இப்படி இருப்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. தகப்பன் குனிந்து காதைக் கொடுக்கிறார். பிள்ளை காதுக்குள் ஏதோ சொல்லுகிறது. இதை எங்கள் வீட்டு விறாந்தையில் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். சீடன், குரு என்று ஆசனம் போட்டால் அது மடமாகிவிடும். காதைக் கொடுத்தால் வீடு. மணற்காட்டு அக்கா கேட்ட வீடு இங்கே இருக்கிறது, தாயில்லை, தகப்பன்.

குழப்படி என்ற சொல்லில் நான் உங்களோடு ஒத்துப் போகவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கோபத்தில் மட்டும் சொல்வதில்லை. 'சரியான குழப்படிக்காரன்' என்று அம்மம்மா சொல்லும்போது குரலில் பெருமைதான் கூட இருக்கும். திருவிளையாட்டு என்று சொன்னால் கும்பிடத் தோன்றும், குழப்படி என்று சொன்னால் தூக்கத் தோன்றும். எனக்கு இரண்டும் வேண்டும்.

பழைய வாசிப்பு | ஆகஸ்ட் 20, இரவு 9.25

தூக்குவது உங்கள் விருப்பம். நான் கும்பிடுகிறேன்.

தெற்குவீதி | ஆகஸ்ட் 20, இரவு 9.50

ஐயா, ஒரு கேள்வி. மாம்பழம் இல்லை என்றால் கந்தபுராணத்தில் அண்ணன் தம்பி சேர்ந்து வருகிற இடமே இல்லையா?

பழைய வாசிப்பு | ஆகஸ்ட் 21, காலை 6.00

இருக்கிறது. வள்ளியம்மை திருமணப் படலம். தினைப்புனத்தில் தம்பி கேட்க, அண்ணன் யானையாக வந்து வள்ளியைப் பயமுறுத்துகிறார். அவள் ஓடிவந்து கிழவனைக் கட்டிப்பிடிக்கிறாள்.

தெற்குவீதி | ஆகஸ்ட் 21, காலை 6.12

பழத்துக்குச் சண்டை பிடித்த அண்ணன் தம்பியா இது! அப்போ சமாதானம் ஆகிவிட்டார்கள். சந்தோசம்.

சின்னக்கிளி | ஆகஸ்ட் 21, மாலை 6.40

போட்டி முடிந்தது. மகள் பிரமனுக்குக் குட்டினதைச் சொன்னாள். 'அயனைச் சிறைபுரி படலம்' என்று பிழையில்லாமல் சொன்னாள். பரிசு கிடைக்கவில்லை, வேறு பிள்ளை மாம்பழக் கதையை நடித்துக் காட்டி வென்றுவிட்டது. இவள் கவலைப்படவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாள். சரவணப் படலத்தையும் நான் வாசித்துக் காட்டியிருந்தேன். அதில் பராசர முனிவரின் ஆறு பெடியள் குளத்தில் மீன் பிடித்து விளையாடினதற்குத் தகப்பன் 'மீனாகப் போங்கோ' என்று சாபம் போட்டுவிட்டார். "அவையளும் சின்னப் பிள்ளையள்தானே, அவைக்கு மட்டும் ஏன் தண்டனை? முருகன் கடலையே கலக்கினவர், அவரை ஒருத்தரும் பேசேல்லையே?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

மணற்காட்டுக் காற்று | ஆகஸ்ட் 21, இரவு 8.00

பிள்ளை கேட்டது நியாயம். அது தகப்பன். தாயாக இருந்தால் கயிற்றோடு முடிந்திருக்கும்.

கிணற்றடி | ஆகஸ்ட் 22, காலை 5.40

இந்தக் கேள்வியை நான் ஐம்பது வயது வரைக்கும் கேட்கவில்லை.

பாட்டில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். அந்த ஆறு பேரும் மீனாகி அதே சரவணப் பொய்கையில் கிடக்கிறார்கள். அதே பொய்கையில்தான் ஆறு குழந்தைகளாக முருகன் வருகிறார். உமையம்மை ஆறையும் ஒன்றாக வாரி எடுத்துப் பால் கொடுக்கும்போது பால் சிந்திப் பொய்கையில் கலக்கிறது. மீன்கள் அதைக் குடித்து மறுபடி முனிவரின் பிள்ளைகளாக எழும்புகின்றன. ஒரு தகப்பன் கோபத்தில் போட்டது, ஒரு குழந்தை பால் குடிக்கும்போது சிந்தினதில் தீருகிறது. பால் குடிக்கிற பிள்ளை சிந்தாமல் குடித்ததாக எங்கேயாவது உண்டா?

இதுதான் அவளுக்குப் பதில் என்று சொல்லத் துணிவில்லை. தண்டனை ஏன் என்று அவள் கேட்டாள், தண்டனை எப்படித் தீர்ந்தது என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. இரண்டும் ஒன்றில்லை.

கிணற்றடி | ஆகஸ்ட் 24, இரவு 10.30

ஆகஸ்ட் 19 எழுதினதை மறுபடி வாசித்தேன். குட்டு வாங்குகிற பிள்ளைக்குப் பழி தீர்ந்த மாதிரி இருந்தது, அதனால் பிடித்தது என்று எழுதியிருக்கிறேன். அது முழுக்கச் சரியில்லை என்று இப்போது படுகிறது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு நாள் அம்மப்பாவுக்குக் காய்ச்சல், கோயிலுக்கு வரவில்லை. பயன் சொல்ல வேறு ஆள் இல்லை. வாசிப்பு மட்டும் நடந்தது. பாட்டுப் பாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எழும்பி "இதுக்கு என்ன பொருள்?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் இருந்த ஒருவர் என் மண்டையில் குட்டி இருத்தினார். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டு சொன்னேன். அம்மப்பா பாயில் படுத்திருந்தபடியே "ஆரடா குட்டினது?" என்று கேட்டார். சொன்னேன். "அவனுக்குத்தான் குட்டியிருக்க வேணும்" என்றார். பிறகு அன்றைக்கு வாசித்த பாட்டுகள் எவை என்று என்னிடம் கேட்டு, எனக்கு நினைவில் நின்ற இரண்டுக்கு மட்டும், காய்ச்சலோடு, பயன் சொன்னார்.

'குடிலையிற் பயன்' என்று கச்சியப்பர் எழுதியிருக்கிறார். பயன் என்ற அந்தச் சொல்லைத்தான் எங்கள் ஊரில் புராணத்துக்கு விளக்கம் சொல்வதற்கும் வைத்திருக்கிறோம். பிரமன் பயன் சொல்ல ஆள் இல்லாத வாசிப்புக்காரன். நாலு வாயாலும் நன்றாக வாசிக்கிறான். முதல் சொல்லிலேயே மறித்து இதுக்கு என்ன பொருள் என்று கேட்கிறது ஒரு பிள்ளை. அம்மப்பா அந்த இடத்தில் ஏன் தான் சொல்லாமல் வாசிப்பவரிடம் கையைக் காட்டினார் என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு விளங்குகிறது. அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் அது ஒரு பகிடி.

யாழ்ப்பாணத்தைக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை சொன்னார். ஒரு மண்டபத்தில் ஒருவர் வாசிக்க, ஒருவர் பொருள் சொல்ல, பிள்ளைகள் தூங்கி விழுந்தும் முழித்தும் கேட்கிற பழக்கம் இருந்தால்தான் இந்தக் குழப்படி இப்படி உறைக்கும். புத்தகத்தில் தனியாக வாசித்தபோது எனக்கு அது அவ்வளவு உறைக்கவில்லை.

பழைய வாசிப்பு | ஆகஸ்ட் 25, காலை 6.15

தம்பி, உங்கள் அம்மப்பா யார் என்று எனக்கு இப்போது தெரியும் போல இருக்கிறது. இங்கே பெயர் எழுத வேண்டாம். அந்தக் கையைக் காட்டுகிற பழக்கம் ஒருவரிடம்தான் இருந்தது. நான் அவருக்குச் சில வருடம் வாசித்திருக்கிறேன். 'குட்டினான்' என்பதைத் தனியாகப் போடச் சொல்லித் தந்ததும் அவர்தான்.

குழப்படி என்றே சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன், நீங்கள் சொல்லுங்கள்.

கிணற்றடி | ஆகஸ்ட் 25, காலை 6.40

ஐயா, எழுத முடியவில்லை. பிறகு வருகிறேன்.

வளவுக்காரன் | ஆகஸ்ட் 25, மாலை 5.20

கடதாசிப் பை அடுத்த வருசம் கட்டிப் பார்க்கிறேன். இவ்வளவும் இருந்து வாசித்தேன். எங்கள் கோயிலில் வாசிப்பு நின்று பத்து வருசமாகிறது. வாசிக்க ஒருவர் இருக்கிறார், பயன் சொல்லத்தான் ஆளில்லை.

கிணற்றடி | செப்டெம்பர் 2, இரவு 9.30

சனிக்கிழமை ஐயா வாசிக்கிற கோயிலுக்குப் போனேன். சின்னக்கிளியும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. நான் கேட்டுக்கொண்டதற்காக அயனைச் சிறைநீக்கு படலத்தில் கடைசிப் பாட்டுகளை ஐயா வாசித்தார். பயன் சொன்னவர் ஒரு இளம் ஆசிரியர், நிதானமாகச் சொன்னார். 'தன் திருச்செவியை நல்க' என்ற இடத்தில் ஐயா வெட்டி நிறுத்தினார். பிறகு சண்முகன் அந்த ஒரு சொல்லின் உண்மையைச் சொன்னான், தகப்பன் கேட்டு மகிழ்ந்தார் என்று முடித்தார்கள்.

பிள்ளை எழும்பி நின்றது. "காதுக்குள்ள என்ன சொன்னவர்?" என்று கேட்டது. மண்டபத்தில் ஒருவரும் அவளைப் பேசவில்லை. பயன் சொன்னவர் ஐயாவைப் பார்த்தார். ஐயா புத்தகத்தைப் பார்த்தார். பாட்டில் அது இல்லை. சொன்னான் என்று இருக்கிறது, என்ன சொன்னான் என்று கச்சியப்பர் எழுதவில்லை.

ஐயா புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, கொஞ்சம் குனிந்து, பிள்ளையைப் பக்கத்தில் வரச் சொன்னார். அவள் போய் அவர் காதுக்குள் ஏதோ சொன்னாள். ஐயா சிரித்தார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.